7 ஐ இரண்டு தடவை எண்ணலாமா? (விடைத்தாள் 3 என்கிறது, எனக்கு 2 தான்)

மார்ச் 2, இரவு 9.50 | நூறாம் இலக்க பஸ்

விடைத்தாளில் பிழை என்று நினைக்கிறேன். யாராவது ஒருக்கால் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

திணைக்களத்துக்குள் நடக்கும் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு வகுப்பு. அங்கே தந்த உளச்சார்புப் பயிற்சித் தாளில் இது இருக்கிறது:

```
M 3 @ 8 # A K 5 & E 2 % 7 $ 4 U P ! 6 * I 9 + T O # 1 B @ E 8 =
```

வினா: உடனடியாக முன்னே ஓர் இலக்கமும் உடனடியாகப் பின்னே ஓர் இலக்கமும் உள்ள குறியீடுகள் எத்தனை?

பென்சிலால் வட்டம் போட்டேன். 3 @ 8 ஒன்று, 2 % 7 இன்னொன்று. அவ்வளவுதான். விடைத்தாளில் 3 என்று இருக்கிறது. மூன்று தடவை எண்ணிவிட்டேன், பஸ்ஸில் ஒரு தடவை, வீட்டில் இரண்டு தடவை.

மார்ச் 2, இரவு 10.05 | கணக்குப்புலி

எனக்கு 3 வருகிறது. $ ஐ விட்டுவிட்டீர்கள்.

மார்ச் 2, இரவு 10.12 | நூறாம் இலக்க பஸ்

விடவில்லை, பார்த்தேன். ஆனால் $ க்கு முன்னே இருப்பது 7. அந்த 7 ஐத்தான் % க்குப் பின்னே வரும் இலக்கமாக ஏற்கெனவே எடுத்தாயிற்றே? ஒரே 7 ஐ இரண்டு பேருக்குப் பங்கு போட முடியுமா? அப்படி முடியும் என்று வினாவில் எங்கும் எழுதவில்லை.

மார்ச் 2, இரவு 10.40 | புதினா

எனக்கும் 2 தான் வந்தது! ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் இல்லை. ஃபோனில் பார்த்தேன், வரிசை $ ஓடு முடிந்து 4 அடுத்த வரியில் தொடங்குகிறது. $ க்குப் பின்னே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன். ஃபோனைப் படுக்கையாகத் திருப்பியதும் 3.

மார்ச் 3, காலை 6.15 | சுண்ணாம்புக்கட்டி

தம்பி, விடைத்தாள் சரி. வட்டம் போட்டதுதான் பிழை.

வினா எதை எண்ணச் சொல்கிறது? குறியீட்டை. நீங்கள் எண்ணியது மூன்று மூன்றாக வெட்டிய துண்டுகளை. துண்டாக வெட்டினால், ஒரு துண்டில் போன இலக்கம் மற்றதில் வராது என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடும். வினாவில் அப்படியொரு நிபந்தனை இல்லை. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு குறியீட்டிடமும் போய் "உனக்கு முன்னே யார், பின்னே யார்?" என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பாணுக்கு நிற்கும் வரிசையில் உங்களுக்குப் பின்னே நிற்பவர், தனக்குப் பின்னே நிற்பவருக்கு முன்னே நிற்பவரும் தானே? ஆள் ஒன்று, பதவி இரண்டு.

@ இடம் கேட்டால்: முன்னே 3, பின்னே 8. சரி. % இடம்: முன்னே 2, பின்னே 7. சரி. $ இடம்: முன்னே 7, பின்னே 4. அதுவும் சரி. 7 செலவாகவில்லை.

முப்பது வருடம் கணிதம் படிப்பித்திருக்கிறேன். இந்த வகை வினாவில் பிள்ளைகள் ஒன்று குறைத்து எண்ணியிருந்தால், பத்துக்கு எட்டு முறை இதே காரணம்தான். இரண்டு குறியீடுகளுக்கு நடுவே ஓர் இலக்கம் தனியே நின்றால் உடனே விழித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 3, காலை 7.40 | நூறாம் இலக்க பஸ்

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். சரி, ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். நேற்று இரவு வகுப்புக்காரருக்கு "விடைத்தாளில் பிழை" என்று ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பித் தொலைத்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால் 8 உம் அதே மாதிரித்தான் நிற்கிறது. @ க்குப் பின்னே, # க்கு முன்னே. ஆனால் # க்குப் பின்னே A வருவதால் இந்த வினாவில் அது அகப்படவில்லை. நான் # ஐப் பார்க்காமலே தாண்டியிருக்கிறேன், அது தற்செயலாகப் பாதகமில்லாமல் போய்விட்டது. பிழையான முறை சரியான பக்கத்தில் இறக்கிவிட்டிருக்கிறது.

மார்ச் 3, பிற்பகல் 1.20 | ஈய எழுத்து

தலைப்பை இப்பொழுதுதான் பார்த்தேன். எழுத்துக்கு முன்னும் பின்னும் வரும் குறிகளைப் பற்றியா பேசுகிறீர்கள்? அது என் வயிற்றுப்பிழைப்பு.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பக்கம் கோர்ப்பவன் நான். பாமினி எழுத்துருவில் கொம்பை முதலில் தட்ட வேண்டும், அப்புறம் மெய், அப்புறம் அரவு. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே. கொழும்பு என்பது இப்படி:

```
nfhOk;G
```

இதில் n தான் கொம்பு, f தான் க, h தான் அரவு. யூனிகோடில் அப்படியில்லை. திரையில் கொம்பு இடப்பக்கம் நின்றாலும் கோப்புக்குள் க முதலில், உயிர்க்குறி பின்னால். பழைய கோப்பை ஒவ்வோர் எழுத்தாக அப்படியே மாற்றினால் கொம்புகள் எல்லாம் தங்கள் மெய்க்கு முன்னால் அநாதையாக நிற்கும், அல்லது முந்திய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் அப்பா பெயரே உருமாறிப் போனது. இருநூறு அட்டை அடித்த பிறகுதான் பார்த்தோம்.

ஆகவே உயிர்க்குறி எங்கே நிற்கிறது என்பது கண்ணை நம்பி எண்ணும் விஷயம் இல்லை.

மார்ச் 3, பிற்பகல் 2.00 | நூறாம் இலக்க பஸ்

அண்ணை, இது பரீட்சை வினா. ஆங்கில எழுத்து, இலக்கம், குறி எல்லாம் கலந்த ஒரு வரிசை. கொம்பு இல்லை. ஆனாலும் சொல்லுங்கள், அந்த அழைப்பிதழ் என்ன ஆயிற்று?

மார்ச் 3, பிற்பகல் 2.30 | ஈய எழுத்து

மறுபடி அடித்தோம், எங்கள் காசில். அதற்குப் பிறகு கோப்பை மாற்றியவுடன் நான் செய்யும் முதல் வேலை, உடனடியாக முன்னே ஓர் இடைவெளி உள்ள கொம்புகள் எத்தனை என்று தேடுவதுதான். யூனிகோடில் சரியாக இருந்தால் ஒன்றும் இருக்கக் கூடாது, சொல் கொம்பில் தொடங்காது. ஒன்று கிடைத்தாலும் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம். யோசித்துப் பார்த்தால் உங்கள் வினாவும் அதுதானே?

மார்ச் 3, பிற்பகல் 2.34 | நூறாம் இலக்க பஸ்

அட. அதுதான்.

மார்ச் 3, இரவு 11.55 | இரவுப் பணி

டீச்சர் சொன்ன "துண்டாக வெட்டும்" பிழையைக் கணினியும் அச்சு அசலாகச் செய்யும். வேலைக்கு நடுவில் பைத்தானில் ஓட்டிப் பார்த்தேன்:

```
import re
s = "M3@8#AK5&E2%7$4UP!6*I9+TO#1B@E8="
print(len(re.findall(r"\d[^A-Z\d]\d", s)))
print(len(re.findall(r"(?<=\d)[^A-Z\d](?=\d)", s)))
```

முதல் வரி 2 என்கிறது, இரண்டாவது 3. முதலாவது இலக்கம், குறி, இலக்கம் மூன்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு, விழுங்கிய இடத்துக்கு அடுத்து இருந்து தொடர்கிறது. 2%7 ஐ விழுங்கியதும் $ க்கு முன்னே அதற்கு 7 மிச்சமில்லை. இரண்டாவது குறியை மட்டும் எடுக்கிறது, இரு பக்கமும் எட்டிப் பார்ப்பதோடு சரி. பஸ்காரர் முதலாவது வரி, டீச்சர் இரண்டாவது வரி.

மார்ச் 4, காலை 7.35 | நூறாம் இலக்க பஸ்

என்னை ஒரு வரி நிரலாக்கியதற்கு நன்றி.

இன்று அடுத்த வினா. அதே வரிசை. "உடனடியாக முன்னே ஒரு குறியீடு அல்லது உடனடியாகப் பின்னே ஓர் இலக்கம் உள்ள உயிரெழுத்துகள் எத்தனை?" முதலில் ஒரு சந்தேகம்: உயிரெழுத்து என்றால் A E I O U மட்டும் தானே?

மார்ச் 4, காலை 8.10 | கணக்குப்புலி

Y யும் சில சொற்களில் உயிரெழுத்தாக ஒலிக்கும். பார்த்துச் செய்யுங்கள்.

விடை: குறியீட்டுக்குப் பின்னே வரும் உயிரெழுத்துகள் A, E, I, கடைசி E என்று 4. பின்னே இலக்கம் உள்ளவை E, I, கடைசி E என்று 3. அல்லது என்று வந்தால் கூட்ட வேண்டும். 7.

மார்ச் 4, காலை 8.12 | புதினா

வரிசையில் மொத்தமே 6 உயிரெழுத்துதானே இருக்கிறது?

மார்ச் 4, காலை 8.30 | கணக்குப்புலி

ஓ.

மார்ச் 4, மாலை 4.45 | சுண்ணாம்புக்கட்டி

புதினா பிள்ளை சொன்னதை எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். எண்ணத் தொடங்கும் முன்னர் எண்ணப்படும் சாதியில் மொத்தம் எத்தனை என்று தெரிந்தால், அதற்கு மேல் போகும் விடையை அங்கேயே தூக்கி எறியலாம்.

புலி சொன்னது பாதி சரி. 4 உம் சரி, 3 உம் சரி, "அல்லது" என்றால் கூட்டுவதும் ஒரு வழிதான். ஆனால் இரண்டு பட்டியலிலும் இருப்பவர்களை இரண்டு தடவை கூட்டிவிட்டார். E, I, கடைசி E மூவரும் முன்னே குறியும் பின்னே இலக்கமும் உடையவர்கள். 4 உம் 3 உம் 7, அதில் இரட்டை வேடம் போட்ட 3 ஐக் கழித்தால் 4. ஒவ்வோர் உயிரெழுத்திடமும் ஒரு தடவை போனால் இந்தக் கழித்தலே வேண்டாம்:

```
# A K   ஆம்
& E 2   ஆம்
4 U P   இல்லை
* I 9   ஆம்
T O #   இல்லை
@ E 8   ஆம்
```

O வைக் கவனியுங்கள். அதன் பக்கத்தில் # நிற்கிறது, ஆனால் பின்னே. அவசரத்தில் "குறி பக்கத்தில் இருக்கிறது" என்று ஆம் போட்டு 5 எழுதுபவர்கள் உண்டு. தெரிவுகளில் 5 கட்டாயம் இருக்கும். வினா தயாரிப்பவருக்கும் உங்களைத் தெரியும்.

Y விஷயம்: உச்சரிப்பில் புலி சொல்வது உண்மை. தனியே நிற்கும் Y க்கு உச்சரிப்பு ஏது? இந்த வகைத் தாள்களில் உயிரெழுத்து ஐந்துதான்.

மார்ச் 4, மாலை 5.10 | ஈய எழுத்து

தமிழில் பன்னிரண்டு. நாங்கள் பணக்காரர்.

மார்ச் 5, இரவு 9.15 | நூறாம் இலக்க பஸ்

இரண்டு நாளாக யோசித்து ஒன்று எழுதுகிறேன். என் உண்மையான பிரச்சினை வட்டம் போடுவது இல்லை. வினாவின் தமிழ்.

வகுப்பில் இரண்டு வகைத் தாள் தருகிறார்கள். ஒன்று இங்கேயே தமிழில் எழுதியது. மற்றது இந்திய வங்கிப் பரீட்சைப் பயிற்சித் தாள்களைப் பார்த்து மொழிபெயர்த்தது. இந்தக் கலப்பு வரிசை வினா அங்கே பழகிப்போன வகை. அந்த மொழிபெயர்த்த தாளில் இப்படி ஒன்று: "இலக்கத்துக்கு உடனடியாக முன்பும் எழுத்துக்கு உடனடியாகப் பின்பும் வரும் குறியீடுகள் எத்தனை?"

வரிசை நாம் பார்த்த அதே வரிசைதான். தமிழ் என்ன சொல்கிறதோ அப்படியே செய்தேன். குறியீடு இலக்கத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், எழுத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதாவது எழுத்து, குறி, இலக்கம். P ! 6 ஒன்று, O # 1 இன்னொன்று. விடை 2. விடைத்தாளில் 4. மறுபடியும் நான்தான் பிழை என்று நினைத்து அரை மணித்தியாலம் போயிற்று. (முன்பு போட்ட குறுஞ்செய்தியை நினைத்து இந்தத் தடவை வகுப்புக்காரருக்கு ஒன்றும் அனுப்பவில்லை.)

அப்புறம் தலைகீழாகச் செய்து பார்த்தேன். இலக்கம், குறி, எழுத்து. 8 # A, 5 & E, 6 * I, 9 + T. நான்கு! ஆக மொழிபெயர்த்தவர் மாற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் "குறியீட்டுக்கு முன்னே இலக்கம்" என்று இருந்ததை "இலக்கத்துக்கு முன்னே குறியீடு" ஆக்கிவிட்டார்.

மார்ச் 5, இரவு 9.50 | சுண்ணாம்புக்கட்டி

இதை நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் செயப்பாட்டுவினையில் ஓடும். குறியீடு எழுவாயாக இருக்கும், முந்துவது இலக்கமாக இருக்கும். தமிழில் "இலக்கத்தால் முந்தப்பட்ட குறியீடு" என்று எழுதினால் யாரும் சிரிப்பார்கள். அதற்குப் பயந்து "இலக்கத்துக்கு முன்" என்று சுருக்கினால் திசை தலைகீழாகும். நல்ல தமிழ் என்றால் "முன்னே இலக்கம் உள்ள குறியீடு". உங்கள் முதல் தாளில் இருந்தது போல.

"உள்ள" என்ற சொல் இருந்தால் நிம்மதியாக இருங்கள். "க்கு முன்" என்று வந்தால் யார் நிற்கிறார், யாருக்கு முன் நிற்கிறார் என்று இரண்டு தடவை வாசியுங்கள்.

மார்ச் 5, இரவு 10.20 | புதினா

எனக்கு "முன்" என்ற சொல்லே தலைசுற்று. முன்னோக்கிப் போ என்றால் வலப்பக்கம் போகிறோம். முன்னே என்றால் இடப்பக்கம். ஒரே "முன்" தானே?

மார்ச் 5, இரவு 10.45 | நூறாம் இலக்க பஸ்

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். பஸ்ஸில் எனக்கு முன் ஆசனம் என்றால் சாரதி பக்கம், நான் போகும் திசை. நேற்றைக்கு முன் தினம் என்றால் கடந்துபோன பக்கம். எழுத்து வரிசையில் எதை எடுப்பது? வாசிக்கும்போது கண் எதை முதலில் தொட்டதோ அதுதான் முன் என்று வைத்துக்கொண்டேன். M இல் தொடங்கி = க்குப் போகிறேன், ஆகவே இடப்பக்கம்தான் முன். அதற்குப் பிறகு குழப்பம் குறைந்தது.

இப்போது வினாவை வாசித்தவுடன் ஓரத்தில் மூன்று எழுத்து மட்டும் எழுதுகிறேன். இ கு இ, அல்லது இ கு எ. நடுவில் இருப்பதைத்தான் எண்ண வேண்டும். அதை எழுதிய பிறகு வினாவைத் திரும்பப் பார்ப்பதே இல்லை.

மார்ச் 6, காலை 6.20 | சுண்ணாம்புக்கட்டி

அந்த மூன்று எழுத்து நல்ல பழக்கம். இன்னும் ஒன்று சேர்க்கிறேன், நேரம் மிச்சமாகும்.

எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்பதை வரிசைதான் சொல்லும். உங்கள் வரிசையில் குறியீடுகள் 11. அவற்றில் முன்னே இலக்கம் உள்ளவை 8. பின்னே இலக்கம் உள்ளவை 5 மட்டும். இ கு இ கேட்டால் பலர் பழக்கத்தில் இடப்பக்கத்தை முதலில் பார்ப்பார்கள், எட்டுப் பேர் தேறுவார்கள், பிறகு அந்த எட்டையும் திரும்பிப் பார்க்க வேண்டும். வலப்பக்கத்தை முதலில் பார்த்தால் ஐந்தே பேர்: @, %, $, !, O வுக்குப் பின்னே உள்ள #. அதில் ! க்கு முன்னே P, அந்த # க்கு முன்னே O. இரண்டும் போக மூன்று. எது அரிதோ அதை முதலில் கேளுங்கள். ஒரு வரிசைக்கு நான்கைந்து வினா கேட்கும்போது இது தெரியும், ஒரு வினாவுக்கு மினக்கெடத் தேவையில்லை.

மார்ச் 6, காலை 7.45 | கணக்குப்புலி

எனக்கு இந்தப் பார்வை எல்லாம் வராது. இடமிருந்து வலம் விரலை வைத்து இழுப்பேன்.

மார்ச் 6, காலை 7.50 | சுண்ணாம்புக்கட்டி

விரலும் சரிதான். விரல் குறியீட்டில் மட்டும் நிற்கட்டும்.

மார்ச் 7, இரவு 8.30 | நூறாம் இலக்க பஸ்

இது யாராலும் தீர்க்க முடியாது என்று நினைக்கிறேன். "முன்னே இலக்கம் உள்ள, ஆனால் பின்னே உயிரெழுத்து இல்லாத குறியீடுகள் எத்தனை?"

@ (பின்னே 8), % (பின்னே 7), $ (பின்னே 4), + (பின்னே T). நான்கு. முதலில் நான் + ஐ மட்டும் எழுதினேன், பின்னே மெய்யெழுத்து வேண்டும் என்று மனம் தானாக எடுத்துக்கொண்டது. உயிரெழுத்து இல்லை என்றால் இலக்கமும் சரிதான், குறியும் சரிதான் என்று பிறகுதான் உறைத்தது.

கேள்வி அதுவல்ல. கடைசியில் நிற்கும் = ஐ என்ன செய்வது? முன்னே 8 இருக்கிறது. பின்னே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால் உயிரெழுத்தும் இல்லை. அப்போது 5 ஆ?

மார்ச் 7, இரவு 8.50 | கணக்குப்புலி

4. பின்னே ஆளே இல்லாதவனிடம் பின்னால் யார் என்று கேட்க முடியாது.

மார்ச் 7, இரவு 9.05 | சுண்ணாம்புக்கட்டி

தர்க்கப்படி 5. "பின்னே உயிரெழுத்து உண்டு" என்பது = க்குப் பொய், ஆகவே "இல்லை" என்பது மெய். வீட்டில் நாய் இல்லாதவர்கள் கை தூக்குங்கள் என்றால் வீடே இல்லாதவன் கை தூக்கக் கூடாதா?

மார்ச் 7, இரவு 9.08 | கணக்குப்புலி

வீடில்லாதவனை அந்தக் கூட்டத்துக்கு அழைத்ததே பிழை.

மார்ச் 8, அதிகாலை 1.10 | இரவுப் பணி

இரண்டு பேருமே சரியாக எழுதலாம். பாருங்கள்:

```
print(len(re.findall(r"(?<=\d)[^A-Z\d](?![AEIOU])", s)))
print(len(re.findall(r"(?<=\d)[^A-Z\d][^AEIOU]", s)))
```

முதலாவது 5, டீச்சர். "அடுத்தது உயிரெழுத்தாக இருக்கக் கூடாது" என்று மட்டும் கேட்கிறது, அடுத்தது இல்லாவிட்டாலும் அதற்குத் திருப்தி. இரண்டாவது 4, புலி. "உயிரெழுத்து அல்லாத ஏதோ ஒன்று அடுத்து நிற்க வேண்டும்" என்கிறது, = க்குப் பின்னே நிற்க ஆள் இல்லாததால் தோற்கிறது. ஒரு நிரலில் இந்த இரண்டையும் மாற்றி எழுதி, கோப்பின் கடைசி வரி மட்டும் கணக்கில் வராமல் போய் ஒரு முழு இரவு தேடியிருக்கிறேன்.

மார்ச் 8, காலை 7.30 | ஈய எழுத்து

எனக்கும் அதே. சொல்லின் கடைசியில் நிற்கும் கொம்பைத் தேட, "கொம்புக்குப் பின்னே இடைவெளி" என்று போடுவேன். பந்தியின் கடைசிச் சொல்லில் இருந்தால் அகப்படாது, பின்னே இடைவெளி இல்லையே. வரி முடிவையும் தனியாகத் தேடுகிறேன்.

மார்ச் 8, மாலை 6.40 | நூறாம் இலக்க பஸ்

இன்று ஞாயிறு, வகுப்பில் நேரே கேட்டேன். "தெரிவுகளில் எது இருக்கிறது என்று பாருங்கள்" என்றார் படிப்பிப்பவர். நியாயமான பதில்தான், இந்தத் தாளில் தெரிவுகள் 2, 3, 4, 6. அங்கே 5 இல்லவே இல்லை, ஆகவே 4. ஆனால் அது இந்தத் தாளுக்கு விடை, என் கேள்விக்கு விடை இல்லை. பழைய தாள்களைக் கிளறினேன். வரிசையின் ஓரத்தில் அகப்பட்டதை எண்ணியது ஒன்று, எண்ணாமல் விட்டது ஒன்று, இரண்டும் ஒரே கட்டுக்குள் இருக்கின்றன.

டீச்சர், நீங்கள் வினாத்தாள் தயாரித்த காலத்தில் என்ன செய்வீர்கள்?

மார்ச் 8, இரவு 8.15 | சுண்ணாம்புக்கட்டி

ஓரத்தில் சண்டைக்காரரை நிறுத்த மாட்டேன். குறியீட்டை எண்ணச் சொன்னால் இரு முனையிலும் எழுத்தைப் போட்டுவிடுவேன். பிள்ளை விடையைப் பற்றி வாதாடலாம், வினாவைப் பற்றி வாதாடக் கூடாது. ஆனால் 5 தான் சரி என்பதில் இன்னமும் உறுதியாக இருக்கிறேன்.

மார்ச் 8, இரவு 8.20 | கணக்குப்புலி

4.

மார்ச் 12, இரவு 9.30 | நூறாம் இலக்க பஸ்

இடையில் ஒன்று, நேற்று மாட்டியது. "இலக்கங்கள் எல்லாவற்றையும் நீக்கினால், பின்னே உயிரெழுத்து உள்ள குறியீடுகள் எத்தனை?" நீக்காத வரிசையில் அப்படி 4 உண்டு: #, &, *, B க்குப் பின்னே உள்ள @. அதையே எழுதிவிட்டேன். இலக்கங்கள் போனால் அயலவர் மாறுகிறார்கள். 4 போனதும் $ நேரே U வின் மடியில் போய் விழுகிறது. 5. இதற்கு மட்டும் வரிசையைத் திரும்ப எழுதத்தான் வேண்டும் போல, மனதுக்குள் நீக்கி எண்ண எனக்கு வரவில்லை.

மார்ச் 12, இரவு 9.55 | புதினா

முழுதாக எழுத வேண்டாம். இலக்கத்தின் மேல் கோடு கிழித்துவிட்டு, கோடு கிழித்த இடங்களில் மட்டும் இரண்டு பக்கமும் பாருங்கள். மற்ற இடங்களில் ஒன்றும் மாறாது. நான் அப்படித்தான், சரியாக வருகிறது.

மார்ச் 15, பிற்பகல் 1.50 | நூறாம் இலக்க பஸ்

வகுப்பு முடிந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். இன்றைய தாளைப் பார்த்ததும் டீச்சரை நினைத்தேன்: வரிசை எழுத்தில் தொடங்கி எழுத்தில் முடிகிறது, சண்டைக்காரக் குறி ஓரத்தில் இல்லை.

ஆனால் வினா, "முன்னே இலக்கம் உள்ள, பின்னே குறியீடு இல்லாத உயிரெழுத்துகள் எத்தனை?" வரிசையின் கடைசி இரண்டு: 6 U.